வராத நாளை எண்ணாதீங்க, ஊத்தின பாலை எழுதுங்க

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், குழுக் கணக்காளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்புக் கணக்கு, கடன் கணக்கு பத்தி எனக்கு முன்னாடி பேசினவங்க நிறைய சொல்லிட்டாங்க. என்னைப் பால் கணக்கு பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. சிரிக்காதீங்க. இந்த மண்டபத்தில் பாதிப் பேர் பால் வாங்குறவங்க, மீதிப் பேரில் பல பேர் மாடு வச்சுப் பால் ஊத்துறவங்க. மாசக் கடைசியில் வாசப்படியில் நடக்குற சண்டை எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் குழுவில் நடந்த ஒரு தகராறை அப்படியே சொல்றேன். ரெண்டு பேரும் ஒரே குழு. ரெண்டு பேரும் இப்ப இங்கேதான் இருக்காங்க. பேர் சொல்லாமல் சொல்லுன்னு சம்மதம் கொடுத்திருக்காங்க. ஒருத்தரைப் பால்கார அக்கான்னு சொல்றேன், இன்னொருத்தரை வீட்டுத் தங்கச்சின்னு சொல்றேன்.

அக்கா குழுக் கடனில் மாடு வாங்கினவங்க. ரெண்டு மாடு. அப்போ ஒண்ணு கறவையில் இருந்துச்சு, ஒண்ணு வத்திப் போயிருந்துச்சு. ஊருக்குள்ள ஆறேழு வீட்டுக்குப் பால் ஊத்துறாங்க. அந்தப் பால் காசில்தான் மாசத் தவணை கட்டுறாங்க. தங்கச்சி வீட்டில் காலையில் அரை லிட்டர், சாயந்தரம் அரை லிட்டர். மாசம் முடிஞ்சதும் மொத்தமாப் பணம்.

அந்த அக்டோபர் மாசம் முடிஞ்சதும் அக்கா வந்து கேட்டது 1,620 ரூபாய். தங்கச்சி எடுத்து வச்சது 1,200 ரூபாய். நடுவுல 420 ரூபாய் வித்தியாசம். “நான் ஊத்தின பாலுக்குத்தானே கேக்கறேன்”னு அக்கா சொன்னாங்க. “ஆறு நாள் பாலே வரலை, விலையையும் நீங்களா ஏத்திட்டு வந்து நிக்கறீங்க”ன்னு தங்கச்சி சொன்னாங்க. பேச்சு முத்தி, பணம் வாங்காமலே அக்கா திரும்பிட்டாங்க. அந்த மாசத் தவணை கட்ட முடியலை. அடுத்த ரெண்டு கூட்டத்துக்குத் தங்கச்சி வரலை. பால் சண்டை குழுவுக்குள்ள வந்து உட்கார்ந்தது அப்படித்தான்.

மூணாவது கூட்டத்தில் ரெண்டு பேரையும் அவங்கவங்க கணக்கோட வரச் சொன்னோம். தங்கச்சி தினசரி காலண்டர் தாளையெல்லாம் கொண்டு வந்தாங்க. பால் வராத நாள்ல தாளில் ஒரு பெருக்கல் குறி. அக்கா ஒரு சின்ன நோட்டு கொண்டு வந்தாங்க. அதிலும் அதே முறைதான். ஊத்தாத நாளுக்கு ஒரு சுழி, மத்த நாளெல்லாம் வெறுமை. தங்கச்சியிடம் பெருக்கல் குறி ஆறு: 4, 5, 9, 14, 17, 18. அக்காவிடம் சுழி ரெண்டே ரெண்டு: 4, 5.

தங்கச்சி போட்ட கணக்கு, 31 நாளில் 6 நாள் கழிச்சு 25 லிட்டர், லிட்டர் 48 ரூபாய், ஆக 1,200. அக்கா போட்ட கணக்கு, 31 நாளில் 2 நாள் கழிச்சு 29 லிட்டர், தீபாவளிக்கு முதல் நாள் கூடுதலா ஊத்தினது 1 லிட்டர், மொத்தம் 30 லிட்டர், லிட்டர் 54 ரூபாய், ஆக 1,620. ரெண்டு பேர் பெருக்கினதிலும் பிழை இல்லை. ரெண்டு பேரும் பொய் சொல்லவும் இல்லை. அப்புறம் எங்கே போச்சு 420 ரூபாய்?

முதலில் நாளை விட்டுட்டு வேளையை எண்ணினோம். காலை ஒரு வேளை, சாயந்தரம் ஒரு வேளை. ஒவ்வொரு வேளைக்கும் அரை லிட்டர். 31 நாளுக்கு 62 வேளை. அப்படி எண்ண ஆரம்பிச்சதும், தகராறான நாள் ஒவ்வொண்ணும் என்னன்னு கேட்டோம்.

4, 5 ரெண்டு நாளும் தங்கச்சி குடும்பத்தோட ஊருக்குப் போயிருந்தாங்க. முன்கூட்டியே சொல்லிட்டாங்க. அதில் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க.

9-ம் தேதி மாடு காளைக்குக் கத்திக்கிட்டு இருந்துச்சு. சாயந்தரம் சரியாப் பால் இறங்கலை. இருந்த பாலைக் கைக்குழந்தை இருக்குற வீட்டுக்கு ஊத்திட்டு, தங்கச்சி வீட்டுக்கு அக்கா போகலை. ஆனா காலையில் ஊத்தியிருக்காங்க. தங்கச்சி சாயந்தரம் வரலைன்னு முழு நாளுக்கும் குறி போட்டுட்டாங்க. அக்கா காலையில் ஊத்தினோமேன்னு சுழியே போடலை. உண்மையில் வராதது அரை லிட்டர். ஒருத்தர் கணக்கில் அது ஒரு லிட்டர், இன்னொருத்தர் கணக்கில் ஒண்ணுமே இல்லை.

14-ம் தேதி சாயந்தரம் அக்கா வந்திருக்காங்க, வீடு பூட்டியிருந்துச்சு. தங்கச்சி அன்னிக்குக் காலையில் பால் வாங்கினவங்கதான், சாயந்தரம் கோயிலுக்குப் போனவங்க சொல்லிட்டுப் போகலை. வந்து நின்னதால் அக்கா அதைக் கணக்கில் சேர்த்தாங்க. பால் வாங்காததால் தங்கச்சி கழிச்சாங்க.

17-ம் தேதி அக்காவோட சொந்தத்தில் ஒரு சாவு. காலையில் ஊத்திட்டுப் போனவங்க சாயந்தரம் வரலை. மறுநாள் 18-ம் தேதி ரெண்டு வேளையும் அவங்க மகன் கறந்து கொண்டு வந்து ஊத்தியிருக்கான். தங்கச்சி அப்போ வயக்காட்டில். பாத்திரம் நீட்டினது மாமியார். அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். “ஆமா, பையன் வந்து ஊத்துனானே, தயிருக்கு ஒறை ஊத்தி வச்சேனே”ன்னு சொன்னாங்க. அக்கா வரலைன்னதும் தங்கச்சி பாலும் வரலைன்னு நினைச்சுட்டாங்க.

தீபாவளிக்கு முதல் நாள் கூடுதலா வாங்கின ஒரு லிட்டரைத் தங்கச்சி உடனே ஒத்துக்கிட்டாங்க. காலண்டரில் வராத நாளுக்குத்தான் குறி இருக்கு. அதிகமா வந்த நாளுக்குக் குறி போட அதில் வழியே இல்லை.

இப்ப இதைக் கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பேரும் வராத நாளை மட்டும் எழுதுற முறையை வச்சிருந்தாங்க. நம்மில் நிறையப் பேர் அப்படித்தான் செய்றோம், வேலை குறைவுன்னு. அந்த முறையில் வெறுமையா இருக்குற தேதிக்கு ரெண்டு அர்த்தம் வந்துடுது. பால் வந்ததுன்னும் அர்த்தம், எழுத மறந்துட்டோம்னும் அர்த்தம். மாசக் கடைசியில் எது எதுன்னு யாரால் பிரிக்க முடியும்?

இன்னொண்ணும் இருக்கு. அக்கா பால் ஊத்த வராத நாள் எது? சாவு வீட்டில் இருந்த நாள். அன்னிக்கு அவங்க கையில் நோட்டு இருக்காது. தங்கச்சி கண்ணில் படாமல் பால் வந்த நாள் எது? அவங்க வீட்டில் இல்லாத நாள். அன்னிக்குக் காலண்டர் பக்கம் அவங்க போகவே இல்லை. எந்த நாளை எழுதியே ஆகணுமோ, அந்த நாளில்தான் எழுதுற ஆள் அங்கே இருக்க மாட்டாங்க. அதனால்தான் வருஷக் கணக்கா நல்லா இருக்குறவங்க நடுவிலும் இந்தச் சண்டை வருது.

அடுத்தது விலை. அக்கா லிட்டர் 48-லிருந்து 54 ஆக்கினாங்க. தவிடும் புண்ணாக்கும் ஏறிப் போச்சு, ஒரு மாடு வத்திக் கிடக்கு, அதுக்கும் தீனி போடணும். ஏத்தினது தப்புன்னு கூட்டத்தில் யாரும் சொல்லலை. கேள்வி ரெண்டுதான். யாருகிட்ட சொன்னீங்க, எந்தத் தேதியிலிருந்து?

“பத்தாம் தேதி வாக்குல மாமியார்கிட்ட சொன்னேன், மாசப் பாதியிலருந்து ஏத்திக்கறேன்னு”ன்னாங்க அக்கா. மாமியாரும் அதை ஒத்துக்கிட்டாங்க, மருமககிட்ட சொல்ல மறந்துட்டேன்னாங்க. அப்படிச் சொன்ன அக்கா, கணக்குப் போடும்போது 54 ரூபாயை மாசம் முழுக்கப் போட்டுட்டாங்க. மொத்த லிட்டரை ஒரே விலையால் பெருக்குறதுதானே பழக்கம். தங்கச்சிக்குச் சேதியே வராததால், அவங்க 48 ரூபாயை மாசம் முழுக்கப் போட்டாங்க.

விலை ஒண்ணாம் தேதிதான் மாறணும்னு சட்டம் ஒண்ணும் இல்லை. ஆவினையே பாருங்க. 2022-ல் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ரூபாய் ஆனது நவம்பர் 5-ம் தேதி. சொசைட்டிக்குப் பால் ஊத்துறவங்களுக்குப் பசும்பால் கொள்முதல் விலை 32-லிருந்து 35 ஆனதும் அதே நாள்தான். அதுக்கப்புறம் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது 2023 டிசம்பர் 18-ம் தேதி முதல். எதுவும் மாசப் பிறப்பில் வரலை. அதனால் விலை மாறுற மாசத்தில் கணக்கு ரெண்டு துண்டா இருந்தே ஆகணும். மாறுறதுக்கு முன்னாடி எத்தனை லிட்டர், மாறினதுக்கு அப்புறம் எத்தனை லிட்டர். ரெண்டையும் சேர்த்து ஒரே பெருக்கலில் முடிச்சா யாரோ ஒருத்தருக்கு நஷ்டம்.

அந்த மாதிரியே பிரிச்சோம். மாசப் பாதின்னு சொன்னதை 16-ம் தேதின்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க.

1 முதல் 15 வரை 30 வேளை. ஊருக்குப் போன ரெண்டு நாளுக்கு 4 வேளை, 9-ம் தேதி சாயந்தரம் 1 வேளை, பூட்டியிருந்த 14 சாயந்தரம் 1 வேளை, ஆக 6 வேளை கழியுது. மீதி 24 வேளை, 12 லிட்டர். 48 ரூபாய் வீதம் 576 ரூபாய்.

16 முதல் 31 வரை 32 வேளை. 17 சாயந்தரம் 1 வேளை கழிச்சா 31 வேளை, பதினஞ்சரை லிட்டர். தீபாவளிப் பால் 1 லிட்டர் சேர்த்தா பதினாறரை லிட்டர். 54 ரூபாய் வீதம் 891 ரூபாய்.

ரெண்டும் சேர்த்து 1,467 ரூபாய்.

பூட்டின வீட்டு அரை லிட்டர் மட்டும் பாக்கி. அதுக்குத்தான் கொஞ்சம் பேச்சு நடந்தது. வந்து நின்னதுக்குக் காசு கொடுக்கணுமா வேண்டாமா? எங்கள் பிரதிநிதி ஒரு கேள்வி கேட்டாங்க: “அந்தப் பாலை என்ன பண்ணுனீங்க அக்கா?” டீக்கடைக்கு ஊத்தினேன், லிட்டர் 40 வீதம் 20 ரூபாய் வந்ததுன்னாங்க. வீட்டுக்கு ஊத்தியிருந்தா 24 ரூபாய். அப்போ அக்காவுக்கு உண்மையான நஷ்டம் 4 ரூபாய். சொல்லாமல் போனது தங்கச்சி, அந்த 4 ரூபாயை அவங்க கொடுக்குறதுன்னு முடிவாச்சு. பாலைக் கொட்டியிருந்தா முழு 24 ரூபாயும் அவங்க பொறுப்புத்தான்.

ஆக மொத்தம் 1,471 ரூபாய். அக்கா கேட்டதைவிட 149 ரூபாய் குறைவு, தங்கச்சி கொடுக்க வந்ததைவிட 271 ரூபாய் அதிகம். அந்த இடத்திலேயே பணம் கை மாறிச்சு. பாக்கி நின்ன தவணையும் அன்னிக்கே கட்டியாச்சு.

அதுக்கப்புறம் எங்கள் குழுவில் பால் வாங்குற, ஊத்துற எல்லோரும் ஒரே மாதிரி அட்டை வச்சிருக்கோம். காசு கொடுத்து அச்சடிக்கலை. சேலை, சட்டைப் பெட்டிக்குள்ள வர்ற அட்டையில் கோடு போட்டது. நாலு கட்டம்: தேதி, காலை, மாலை, குறிப்பு. மேலே, லிட்டர் விலை எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்துன்னு ஒரு வரி. அட்டையைக் கயிறு கட்டி, பால் வாங்குற இடத்தில், அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி தொங்க விடணும். கூடவே ஒரு பேனாவும் கட்டித் தொங்க விடணும். பேனா தேடப் போனா எழுதுறது நின்னுடும்.

எழுத வேண்டியது ஊத்தின அளவு. அரை ஊத்தினா அரை, ஒண்ணு ஊத்தினா ஒண்ணு. ஊத்தலைன்னா கட்டத்தை வெறுமையா விடக்கூடாது, பூஜ்யம் போடணும், பக்கத்தில் காரணத்துக்கு ஒரு எழுத்து. வீட்டில் வேண்டாம்னு சொல்லியிருந்தா ‘வீ’. பால்காரர் வரலைன்னா ‘பா’. வந்து பூட்டியிருந்தா ‘பூ’. இப்படி எழுதினா, வெறுமையான கட்டத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: எழுத மறந்தாச்சு. அடுத்த வேளை வரும்போதே அது கண்ணில் படும், நேத்து நடந்தது ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கும், எழுதிடலாம். இருபது நாள் கழிச்சு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

பாத்திரம் நீட்டுறவங்கதான் எழுதணும், அது மாமியாரோ மகளோ யாரா இருந்தாலும். ஊத்துறவங்க பார்த்துட்டுப் போகணும். எழுதப் படிக்கத் தெரியாதவங்க, அரை லிட்டருக்கு ஒரு கோடு, ஒரு லிட்டருக்கு ரெண்டு கோடு போடலாம். ஊத்துறவங்க தன் நோட்டிலும் அதே அளவை எழுதிக்கணும். அட்டை ஒண்ணு மட்டும் இருந்தா, நனைஞ்சு போனாலோ குழந்தை கிழிச்சாலோ கணக்கே போயிடும்.

பத்தாம் தேதி, இருபதாம் தேதி, மாசக் கடைசின்னு மூணு தடவை கூட்டணும். அட்டையும் நோட்டும் ஒத்துப் போனா, கோடு போட்டு ரெண்டு பேரும் கையெழுத்து அல்லது கைரேகை. நம்ம அக்காவும் தங்கச்சியும் அட்டை ஆரம்பிச்ச முதல் பத்து நாளில் ஒரு வேளை இடிச்சது. மூணு நாள் முன்னாடி நடந்ததுதானே, வாசப்படியில் நின்னபடியே பேசிச் சரி பண்ணிட்டாங்க.

விலை மாறும்போது ஏழு நாள் முன்னாடி சொல்லணும்னு குழுவில் முடிவு. வாயால் சொன்னா போதாது, அட்டையின் மேல் வரியில் புது விலையும் தேதியும் எழுதணும். எழுதாத விலை அந்த வீட்டுக்குச் செல்லாது. மாறுற தேதியில் அட்டையில் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இருக்குறது பழைய விலை, கீழே இருக்குறது புது விலை. முன்பணம் வாங்கியிருந்தாலோ பழைய பாக்கி இருந்தாலோ, அதைப் பால் கணக்கோட கலக்காமல் அட்டையின் பின்பக்கம் எழுதணும்.

இதில் ஏமாத்து வேலையும் நடக்கலாம், சோம்பேறித்தனமும் நடக்கலாம். பத்து நாளை ஒரே மூச்சில் உட்கார்ந்து நிரப்புறவங்க இருக்காங்க. பார்த்தாலே தெரியும். ஒரே மை, ஒரே சாய்வு, அடித்தல் திருத்தல் இல்லாமல் வரிசையா அரை, அரை, அரை. தினம் எழுதின அட்டையில் ஒரு நாள் பேனா தெளியாது, ஒரு நாள் பென்சில் இருக்கும், ஒரு இடத்தில் பால் சொட்டின கறை இருக்கும். அழகா இருக்குற அட்டையைத்தான் கொஞ்சம் கவனமாப் பார்க்கணும்.

இந்த அட்டை எல்லாத்தையும் தீர்க்காது. பாலில் தண்ணி கலந்ததா இல்லையான்னு அட்டை சொல்லாது. அளவுக் குவளை ஒட்டை ஒடுக்கா இருந்தா அதையும் சொல்லாது. அட்டை இல்லாத காலத்துப் பழைய தகராறுக்கும் இது உதவாது. அதுக்கெல்லாம் நேரில் உட்கார்ந்து பேசுறதுதான் வழி. எத்தனை வேளை, எத்தனை லிட்டர், எந்தத் தேதியிலிருந்து என்ன விலை, இந்த மூணுக்கு மட்டும்தான் அட்டை சாட்சி. மாசக் கடைசி வாசப்படிச் சண்டையில் பெரும்பாலும் இந்த மூணுதானே இருக்கு.

வெளியே மேசையில் கோடு போட்ட அட்டை கொஞ்சம் வச்சிருக்கோம். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போய், அதைப் பார்த்து நீங்களே போட்டுக்கலாம். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். இன்னிக்குச் சாயந்தரம் ஊத்துற பாலிலிருந்தே எழுதலாம், தேதியை மட்டும் மேலே சரியாக் குறிச்சுக்குங்க.